அம்மம்மாவின் நிறை

அம்மம்மாவுக்குத் துண்டு வெட்டின அன்று எங்கள் கையில் இரண்டு தாள்கள் தந்தார்கள். ஒன்று வழமையான டயக்னோசிஸ் காட். முழுக்க இங்கிலீசு, அதிலும் பாதி சுருக்கெழுத்து. மற்றது கொப்பியில் கிழித்த ஒற்றையில் இரண்டு பக்கமும் தமிழில் எழுதின கடிதம். வாட்டில் இருந்த இளம் டொக்டர், எங்களை விட மூன்று நாலு வயதுதான் கூட இருக்கும், இரவு டியூட்டி முடிகிற நேரத்தில் இருந்து எழுதித் தந்தார்.

அந்தக் கடிதம் வந்ததற்கு எங்கள் மொழிபெயர்ப்புத்தான் காரணம். முதல் நாள் காட்டை எட்டிப் பார்த்தபோது 'ஹாட் பெயிலியர்' என்று இருந்தது. எங்கள் மூன்று பேரில், அதாவது அம்மாவும் இரண்டு பேத்திகளுமாகிய நாங்கள், கம்பஸ் போகிறவள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். கலைப்பீடத்துப் பிள்ளை, மொழிபெயர்ப்பும் ஒரு பாடமாகப் படித்தவள். 'இதயச் செயலிழப்பு' என்று சுத்தத் தமிழில் சொன்னாள். அம்மா வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து அழத் தொடங்கிவிட்டா. கனடாவில் இருக்கிற மாமாவுக்குக் கோல் போய், அவர் அரை மணித்தியாலத்தில் ரிக்கற் விலை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மம்மாவோ உள்ளே கட்டிலில் இருந்து, ஆஸ்பத்திரிச் சோற்றுக்கு உப்புக் காணாது என்று பக்கத்துக் கட்டில் அன்ரியிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தா. செயலிழந்த இதயத்தோடு ஒரு மனுசி எப்படி இப்படிக் கதைக்கலாம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. டொக்டரைத் தேடிப்போய்க் கேட்டோம்.

கடிதத்தை அப்படியே தருகிறோம். பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.

"வீட்டாருக்கு,

அம்மாவுடைய இதயம் நிற்கவில்லை. நிற்கப்போகிறது என்பதும் இந்த வருத்தத்தின் பெயருக்கு அர்த்தம் இல்லை. இதயம் ஒரு பம்ப். அதன் பலம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். முன்பு எப்போதோ ஒரு மாரடைப்பு வந்துபோயிருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சிலவேளை நெஞ்சு நோகாமலே அது வரும். அந்தத் தழும்புள்ள பக்கம் இப்போது சரியாகச் சுருங்குவதில்லை. எக்கோவில் 30% என்று போட்டிருப்பதைப் பரீட்சைப் புள்ளி மாதிரி வாசிக்க வேண்டாம். நல்ல இதயம்கூட ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள இரத்தத்தில் கிட்டத்தட்ட 60% அளவைத்தான் வெளியே தள்ளும். ஆகவே இது நூறில் முப்பது இல்லை, அறுபதில் முப்பது.

பம்ப் பலங்குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் குறையும். உடம்பில் தண்ணீர் காணாது என்று அது பிழையாக விளங்கிக்கொண்டு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும். அந்தத் தண்ணீர்தான் காலில் வீக்கமாகவும், இரவில் இருமலாகவும் முட்டாகவும் வந்தது. வாட்டுக்கு வரும்போது 61.2 கிலோ. இன்று 55.6. ஆறு நாளில் போன ஐந்தரைக் கிலோவும் சதை இல்லை, தண்ணீர்.

வீட்டில் நாளொன்றுக்கு எல்லாமாக ஒன்றரை லீற்றர் குடிக்கலாம். எல்லாமாக என்றால் தண்ணீர், தேநீர், பால், சூப், கஞ்சி, கூழ், ஐஸ் எல்லாம் சேர்த்து. உப்பைக் குறையுங்கள். கடைகளில் விற்கிற 'உப்புக்குப் பதிலான உப்பு' வேண்டாம். அதில் பொற்றாசியம் இருக்கிறது, இவர் குடிக்கிற குளிசைகளோடு அது கூடிவிடும். இளநீரும் அதே காரணத்துக்காக வேண்டாம். முழங்கால் நோவுக்குப் பாமசியில் டைக்ளோபினாக், புரூபன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவையும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பரசிற்றமோல் போதும்.

ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பி, சலம் கழித்த பிறகு, தேநீர் குடிக்க முதல், ஒரே மாதிரி உடுப்போடு, ஒரே தராசில் நிறை பார்த்து எழுதி வையுங்கள். ஒரு நாளில் ஒரு கிலோவோ மூன்று நாளில் இரண்டு கிலோவோ கூடினால், 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று அவர் சொன்னாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூச்சு முட்டும் வரை காத்திருக்க வேண்டாம். படுக்க முடியாமல் முட்டினால், நெஞ்சு நொந்தால், மயங்கினால் தராசைத் தேடாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்து நிறை இறங்கினாலும் தலைசுற்றினாலும் அதற்கும் வாருங்கள். அந்த நேரத்தில் இதே குளிசைகள் அவருக்குக் கூடிப்போகும்."

கீழே கையெழுத்து, வாட்டு ரெலிபோன் நம்பர். அவ்வளவுதான். அம்மா அதை வாசித்து முடித்துவிட்டு மாமாவுக்குக் கோல் எடுத்து, ரிக்கற் எடுக்க வேண்டாம் என்று சொன்னா.

எங்களுக்கு முதலில் வந்தது வெட்கம். இரண்டு மாதமாக அம்மம்மா இரவில் இருமினபோது மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி நித்திரை கொள்ளத் தொடங்கினபோது, "வயசு போனா அப்பிடித்தான்" என்று சொன்னவர்களும் நாங்கள்தான். செருப்பைக் கழற்றினால் வார் பட்ட இடம் மத்தியானம் வரைக்கும் பள்ளமாகவே இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

கடிதத்தில் ஒரு விசயம் விடுபட்டிருந்தது. அடுத்த நாள் காலை, புதிதாக வாங்கின டிஜிற்றல் தராசில் அம்மம்மா ஏறினபோது 54.9 என்று காட்டியது. ஒரு இரவில் 700 கிராம் எங்கே போனது என்று பயந்துபோனோம். வாட்டுக்கு அடித்தால், எடுத்த நேர்ஸ் எங்களை விடக் களைத்த குரலில், "இஞ்சத்தைத் தராசு வேற, உங்கட தராசு வேற. வீட்டில முதல் நாள் காலமை வந்த நம்பர்தான் உங்கட நம்பர். அதை வைச்சுத்தான் பாக்கோணும்" என்றா. ஆக எங்கள் கணக்கு 54.9இல் தொடங்கியது. கால்மிதிக்கு மேலே தராசை வைத்தால் வேறு எண் வருகிறது என்பதையும் அன்றைக்கே கண்டுபிடித்து, குசினிச் சீமெந்தில் ஒரு சதுரம் கீறி, தராசு இனி இந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்று முடிவெடுத்தோம்.

தண்ணிக் கணக்குத்தான் சண்டை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றைக் கழுவி, காலையில் நிறையத் தண்ணி விட்டு மேசையில் வைத்தோம். தண்ணி வேண்டுமென்றால் அதிலிருந்து குடிப்பா. தேத்தண்ணி குடித்தால் அதே கோப்பையால் ஒரு கோப்பை அளந்து போத்தலில் இருந்து செடிக்கு ஊற்றுவோம். அம்மம்மாவின் கோப்பை 180 மில்லிலீற்றர். நாலு தேத்தண்ணி என்றால் போத்தலில் அரைவாசி போய்விடும். பின்னேரம் நாலு மணிக்குப் போத்தலின் அடி தெரியும்போது அவா அதைப் பார்க்கிற பார்வை எங்களுக்குப் பொறுக்காது. "சங்கக்கடையில ரேசன் எடுத்த காலத்திலயும் தண்ணிய அளந்து தரேல்லப் பிள்ளை" என்றா ஒருநாள். இடியப்பத்துக்கு ஊற்றுகிற சொதி கணக்கா இல்லையா என்று எங்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது. இடியப்பம் உறிஞ்சினது கணக்கில்லை, கோப்பையைத் தூக்கிக் குடித்தால் கணக்கு என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்னது அம்மம்மாதான். கூழ் மட்டும் விவாதமே இல்லாமல் நின்றது. ஒரு சிரட்டை ஒடியல் கூழில் தண்ணியும் இருக்கிறது, கருவாட்டு உப்பும் இருக்கிறது.

போத்தல் சண்டையைத் தணித்தது உப்புத்தான் என்பது பிறகுதான் பிடிபட்டது. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் மேசையை விட்டுப் போன இரண்டாவது கிழமை, போத்தல் இரவு எட்டு மணி வரைக்கும் வந்தது. உப்புத் தின்றுவிட்டுத் தாகத்தை அடக்கு என்று ஒரு மனுசியிடம் சொல்வது அநியாயம். கறிக்குத் தேசிக்காயும் மிளகும் கொஞ்சம் கூடப் போட்டு அம்மா சமாளித்தா. நாங்களும் அதையே சாப்பிட்டோம். முதல் மூன்று நாள் ஒருவருக்கும் வாயில் வைக்க முடியவில்லை.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதத் தொடங்கினோம்.

வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை ஆகப்போகிற நேரம், பக்கத்து ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. அம்மம்மாவின் சிநேகிதி. வியாழன் காலை நிறை 54.8. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவா அங்கேதான். பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு இருத்தி, வாறவர் போறவர் எல்லோரும் நலம் விசாரித்திருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வசனம்: "ஆஸ்பத்திரியால வந்தாப் பிறகு இப்பதான் கொஞ்சம் தேறியிருக்கிறியள்." அம்மம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்களுக்கும்தான். எங்கள் ஊரில் மெலிந்தால் வருத்தம், உடம்பு வைத்தால் சுகம். அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு அளவுகோல் எங்களிடம் இருந்ததில்லை.

வெள்ளி 55.3. சனி 56.1. ஞாயிறு காலை 57.0.

ஞாயிற்றுக்கிழமை குசினியில் நின்று நாங்கள் செய்தது ஒரு வழக்காடல். செத்தவீட்டில் மரக்கறிச் சோறு நல்லாச் சாப்பிட்டவா என்றோம். தராசு பழுதாக இருக்கும் என்றோம். முட்டு இருக்கிறதா என்று கேட்டால், "எனக்கொண்டுமில்லை, சும்மா இருங்கோ" என்றா. உண்மையிலும் முட்டு இல்லை, நன்றாகத்தான் கதைத்தா. ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் இல்லை, திங்கள் பார்ப்போம் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

இரண்டு விசயம் அந்த முடிவை மாற்றியது. தராசில் நாங்கள் மூன்று பேரும் ஏறிப் பார்த்தோம். எங்கள் நிறைகள் போன கிழமை இருந்த இடத்திலேயே இருந்தன. ஆகத் தராசில் பழுதில்லை. பிறகு எங்களில் இளையவள் ஒரு கணக்குச் சொன்னாள். மூன்று நாளில் 2.2 கிலோ சதை வைக்க வேண்டுமென்றால் அம்மம்மா செத்தவீட்டுக் கிடாரத்தையே சாப்பிட்டிருக்க வேண்டும். சோறு அப்படி ஏறாது. தண்ணிதான் ஏறும், ஒரு லீற்றருக்கு ஒரு கிலோ. கடிதத்தைத் திரும்ப எடுத்தோம். "'எனக்கு ஒன்றும் இல்லை' என்று அவர் சொன்னாலும்" என்ற வரியில் வந்து நின்றோம். அந்த டொக்டர் அம்மம்மாவை ஆறு நாள்தான் பார்த்தவர். நாங்கள் இருபது வருசமாகப் பார்க்கிறோம்.

அதற்குப் பிறகுதான் குளிசை அட்டையை எண்ணத் தோன்றியது. சலம் போற குளிசையில் மூன்று கூடுதலாக மிச்சம் இருந்தது. கேட்டால் முதலில் பேசாமல் இருந்தா. பிறகு, "அதைப் போட்டா அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்போணும். செத்தவீட்டில ஆம்பிளையள் நிக்கிற பக்கத்தால ஆற்ற கக்கூசுக்குப் போறது, நீங்களே சொல்லுங்கோ" என்றா. தேத்தண்ணி எத்தனை குடித்தவா என்று கேட்டோம். நீட்டுகிற கோப்பையை வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரர் என்ன நினைப்பினம் என்றா. அது எங்களுக்குப் பதில் இல்லாத கேள்வி. நாங்களும் மறுக்க மாட்டோம்.

ஓட்டோ பிடித்துப் போனோம். ஞாயிறு என்பதால் வெளிநோயாளர் பகுதியில் இருந்த டொக்டர் பார்த்தார். எங்கள் கொப்பியை வாங்கி, நாலு எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் அம்மம்மாவைப் பார்த்தார். காலின் முன்னெலும்பில் பெருவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அமர்த்தினார். எடுத்தபோது பள்ளம் நின்றது. முதுகில் குழாயை வைத்துக் கேட்டு, அடிப்பக்கம் சத்தம் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஒட்சிசனோடுதான் கட்டில் தந்திருப்போம் என்றார். இரத்தம் எடுத்தார்கள். உப்புக்கள், பொற்றாசியம், சிறுநீரகம் பார்க்க என்று சொன்னார்கள். சலம் போற குளிசை 40 மில்லிகிராமாக இருந்ததை மூன்று நாளைக்கு 80 ஆக்கி, வீட்டுக்கே விட்டார்கள். இரவுகளில் மூன்றாவது தலையணை கேட்டிருக்கிறா என்பது திரும்பி வரும் வழியில்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. வெள்ளி இரவே கேட்டிருந்தா. குளிர் என்று நினைத்து எடுத்துக் கொடுத்திருந்தோம்.

திங்கள் 56.2, செவ்வாய் 55.5, புதன் 55.0. மூன்று நாளும் குளியலறை அவாவுடையது, நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்தோம்.

குளிசையை ஏன் விட்டவா என்று டொக்டரிடம் சொல்ல நாங்கள் தயங்கினோம், ஏச்சு விழும் என்று. அவர் ஏசவில்லை. பஸ் பயணம், கோயில், கலியாணவீடு என்றால் இதை விடுகிறவர்கள்தான் கூட, அதிலும் பொம்பிளையள் என்றார். "விடாதேங்கோ அம்மா, பிந்திப் போடுங்கோ. போட்டு வந்து பின்னேரம் ரெண்டு மணிக்குப் போட்டாலும் சரி. இரவில மட்டும் வேண்டாம், நித்திரை குழம்பும்." இந்த ஒரு வசனம் கடிதத்தில் இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்காது. இருந்தும் அந்தப் பிள்ளை டொக்டரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். இரவு முழுக்க நின்றுவிட்டு, கேட்டதற்காக இரண்டு பக்கம் எழுதினவர். டயக்னோசிஸ் காட்டில் இந்த விசயங்களுக்கு இருந்த இடம் ஒன்றரை வரி. தமிழில் ஒரு சொல்லும் இல்லை. கேட்காத வீடுகளுக்கு அந்த ஒன்றரை வரிதான் போகிறது.

பிறகு ஒரு கிளினிக்கில் எங்களுக்கு இன்னொரு செய்தி கிடைத்தது. தாகத்தைப் பற்றி அம்மம்மா முறையிட்டபோது பெரிய டொக்டர், ஒன்றரை லீற்றர் என்பது கல்லில் எழுதினது இல்லை என்றார். நெதர்லாந்தில் ஐந்நூறு பேரளவில் வைத்து ஒரு ஆய்வு செய்து 2025இல் வெளியிட்டிருக்கிறார்களாம். நிலைமை சீராகி வெளியில் நடமாடுகிற நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஒன்றரை லீற்றர், மற்றப் பாதிக்குக் கட்டுப்பாடு இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு சுகநிலையில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை, கட்டுப்பட்டவர்களுக்குத் தாகத் துன்பம்தான் கூட. அம்மம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தா. ஆனால் இப்போதுதான் வாட்டால் வந்து, ஒருதரம் ஏறி இறங்கினவருக்கு அது இன்னும் பொருந்தாது, ஆறு மாதம் சீராகப் போகட்டும், பிறகு தளர்த்துவது பற்றிக் கதைப்போம் என்று டொக்டர் சொன்னார். தராசைப் பற்றி மட்டும் அவர் ஒரு தளர்வும் சொல்லவில்லை.

எங்கள் அபிப்பிராயம் இது, டொக்டர் சொன்னது இல்லை. வீட்டில் இரண்டுக்கும் சண்டை பிடிக்கச் சக்தி இல்லையென்றால் போத்தலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், தராசில் விட்டுக்கொடுக்க முடியாது. போத்தல் எங்கள் கையில் இருக்கிற பொலிஸ் வேலை. அடுத்த வீட்டில் குடித்தது அதில் வராது, இரவில் எழும்பிக் குடித்தது வராது, விட்ட குளிசையும் வராது. எல்லாம் காலையில் தராசில் வரும். அது ஒருவரையும் ஏசாது என்பதால்தானோ என்னவோ, அம்மம்மாவுக்கும் அதோடு கோபம் இல்லை.

இப்போது எண்ணை எழுதுகிறது அவாதான். கொப்பி போய்விட்டது. குசினிக் கலண்டரில், ராகுகாலத்துக்குக் கீழே, பென்சிலால் எழுதுவா. போன கிழமை தராசின் பற்றறி செத்துவிட்டது. வட்டப் பற்றறி, சந்திக் கடையில் இல்லை, ரவுணுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். ஒருநாள்தானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். அடுத்த நாள் காலை அம்மம்மா அந்த வெறுமையான கட்டத்தைக் காட்டி, "உதுக்குள்ள இப்ப நான் என்னத்தை எழுத?" என்று கேட்டுக்கொண்டு நின்றா. வாசலில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. மூத்தவள் பற்றறி வாங்கத்தான் அன்றைக்கு லெக்சரை விட்டாள்.